சம்பளச் சீட்டும் மானமும்

மனைவி கணவனைவிட அதிகம் சம்பாதிக்கும் வீடுகளுக்கு நம் ஊரில் ஒரே ஓர் அறிவுரைதான் வழங்கப்படுகிறது. வார இதழ்களின் ஆலோசனைப் பகுதியானாலும், பட்டிமன்ற மேடையானாலும், பெண்ணின் தாயானாலும் சொல்வது ஒன்றே: 'காட்டிக்கொள்ளாதே.' சம்பளத்தை வாய்விட்டுச் சொல்லாதே, சம்பளம் வந்ததும் அவர் கையில் கொடுத்துவிடு, உறவினர் முன்னால் அவரைக் கேட்டே எதையும் செய்வதுபோல் நடந்துகொள், ஆண்பிள்ளையின் மானம் அதில் இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆயினும் இந்த அறிவுரையே நோயை வளர்க்கிறது என்பது நம் கட்சி. மறைப்பதால் மானம் காப்பாற்றப்படுவதில்லை. மறைக்கவேண்டிய அளவுக்கு அது ஓர் இழிவுதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அவ்வளவே.

பொதுவாகப் பேசுவதைவிட, நாம் அருகிருந்து கண்ட ஒரு வீட்டை வைத்துப் பேசுவது நல்லது. அவர்கள் அனுமதியுடன்தான் எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்.

இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு முதுகலை முடித்தவர்கள். அவர் தமிழ், அந்த அம்மையார் கணிதம். திருமணம் நடந்தபோது இருவருமே தனியார் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருந்தனர். வருமானத்தில் அவர் ஆயிரம் ரூபாய் கூடுதல். பின்னர் அந்த அம்மையாருக்கு அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய பல்கலைக்கழக மானியக் குழு விகிதப்படி அப்பணியின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். அகவிலைப்படி சேர்ந்து, பிடித்தங்கள் போக இன்று அவர் கையில் கிடைப்பது 84,000. கணவர் அதே பழைய சுயநிதிப் பிரிவில் 21,000. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். மே மாதத்தில் அவருக்குச் சம்பளம் இல்லை.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவரும் செய்வது ஒரே வேலை. வாரத்திற்கு மனைவியைவிடக் கணவருக்கு நான்கு மணி நேரம் வகுப்பு அதிகம். அத்துடன் கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அலையும் வேலையும் உண்டு. ஆகவே, ஒருவர் மற்றவரைப் போல் நான்கு மடங்கு சம்பாதிக்கிறார் என்றால் ஒருவர் நான்கு மடங்கு திறமைசாலி என்று பொருளன்று. ஒரே தொழிலுக்குள் நம் உயர்கல்வி இரண்டு சாதிகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கொன்றில் விழுந்துவிட்டார்கள். கணவரின் மனத்தில் இருந்த புண் உண்மையானது. ஆனால் அதை உண்டாக்கியது கல்லூரி நிர்வாகம். நிர்வாகத்திடம் காட்டினால் அடுத்த ஜூனில் வேலை இராது. மனைவியிடம் காட்டினால் வேலைக்கு ஆபத்தில்லை. எனவே கோபம் வீட்டுக்கு வந்தது.

அது எப்படி வந்தது? யாரும் எதையும் போட்டு உடைக்கவில்லை. முதலில் மனைவியின் கல்லூரி விழாக்களுக்கு வருவதை நிறுத்தினார். அடுத்து, வீட்டில் எந்த முடிவைப் பற்றிக் கேட்டாலும் 'சம்பாதிக்கிறவங்க சொன்னா சரிதான்' என்றொரு விடை. மனைவி எடுத்துவந்த சட்டை அலமாரியிலேயே இருந்தது. ஓட்டலில் மட்டும் பில்லை அவர்தான் பிடுங்கிக் கொடுப்பார், அந்த மாதம் பெட்ரோலுக்குக் கடன் வாங்க நேர்ந்தாலும். ஒரு திருமணப் பந்தியில் மனைவியின் தாய்மாமன் சிரித்துக்கொண்டே, 'மாப்பிள்ளைக்கு என்ன குறை, வீட்டுக்குள்ளேயே பேங்க்கு இருக்கு' என்று சொன்னார். சொன்னவர் மறுநாளே மறந்திருப்பார். கேட்டவர் மூன்றாண்டுகள் மறக்கவில்லை.

நம் இலக்கிய நண்பர்கள் இத்தகைய கணவரைக் கிண்டல் செய்ய உடனே திருக்குறளின் தொண்ணூற்றோராம் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'பெண்வழிச் சேறல்' என்ற தலைப்பே அவர்களுக்குப் போதும். கணவரோ தமிழாசிரியர், அவருக்கு அந்த அதிகாரமும் மனப்பாடம், தொண்ணூற்றேழாம் அதிகாரமாகிய 'மானம்' என்பதும் மனப்பாடம். இரண்டையும் சேர்த்து அவர் தமக்கே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டிருந்தார். மானம் அதிகாரத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். தன் நிலையினின்று தாழ்த்தும் செயலைத் தானே செய்வதைத்தான் அங்கே வள்ளுவர் கடிகிறார். மனைவி ஈட்டிய பொருளில் கணவன் உண்பதைப் பற்றி அந்தப் பத்துக் குறளிலும் ஒரு சொல் இல்லை. அதை 'இரத்தல்' என்ற கணக்கில் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பெண் ஈட்டியதை உண்பது தமிழுக்குப் புதிதுமன்று. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, கிடைத்த உணவுப் பொருளால் சுற்றத்தார் அனைவருக்கும் சோறிடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவுமாக வாங்கித் தொழிலைப் பெருக்குகிறாள். வரவு, செலவு, முதலீடு மூன்றுமே அவள் கையில். அதனால் அவள் வீட்டு ஆண் தலைகுனிந்ததாகப் புலவர் ஒரு குறிப்பும் தரவில்லை. ஆடவனுக்கு வினையே உயிர், மனையிலிருக்கும் மகளிர்க்கு ஆடவனே உயிர் என்று குறுந்தொகைப் பாட்டொன்று சொல்வது உண்மைதான். ஆனால் அதே இலக்கியப் பரப்பில் மோர் விற்பவளும் உப்பு விற்பவளும் மீன் விற்பவளும் இருக்கிறார்கள். நாம் முதற்பாட்டை மட்டும் பாடத்திட்டத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை வருணனை என்று தள்ளிவிட்டோம்.

நம் கருத்துக்கு நேரான சான்று கோவலன். முன்னோர் சேர்த்த பொருளையெல்லாம் தொலைத்து வந்து, இந்த வறுமை தனக்கு நாணத்தைத் தருகிறது என்று கண்ணகியிடம் சொல்கிறான். அவள் சிலம்பைக் கொள்ளச் சொல்கிறாள். அதை முதலாகக் கொண்டு இழந்ததை ஈட்டுவேன் என்கிறான். மனைவியின் பொருளை முதலாக ஏற்க அவனுக்கு வெட்கமில்லை, அது நல்லதே. ஆனால் அந்த நாணம் வேறொரு வழியில் வேலை செய்தது. பெருஞ்செல்வரான பெற்றோர் அதே ஊரில் இருக்க, ஒருவரிடமும் சொல்லாமல், பொழுது விடியுமுன் புகாரை விட்டு நீங்கினான். தெரிந்த மனிதர் ஒருவரும் இல்லாத ஊரின் கடைத்தெருவில் தனியே சிலம்பை விற்க நின்றான். கோவலனைக் கொன்றது ஊழ் என்கிறது காப்பியம். ஊழுக்கு வழி திறந்துவிட்டது நாணத்தால் வந்த மறைப்பு என்று நாம் வாசிக்கிறோம்.

நாம் சொல்லவந்த வீட்டிலும் அதுவே நடந்தது. கணவரின் அக்காள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்றால் என்ன என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. தட்டுகளை வரிசையாகத் தூக்கிவந்து சபையில் வைப்பார்கள். மோதிரம் எத்தனை பவுன் என்பது ஊருக்கே தெரியும். பொதுப் பணத்திலிருந்து எடுத்தால் 'பொண்டாட்டி காசில் சீர் செய்தான்' என்று ஆகிவிடுமே என்று அஞ்சினார். மனைவி, 'எவ்வளவுங்க வேணும்?' என்று கேட்டபோது, 'எங்கிட்ட இருக்கு' என்று முடித்துக்கொண்டார். ஐம்பதாயிரம் ரூபாயை மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, வெளியில் வாங்கினார். மாதம் 1,500 ரூபாய் வட்டி. ஆறு மாதம் கழித்து, வட்டிக்காரர் வீட்டுக்கே வந்தபோதுதான் மனைவிக்குத் தெரிந்தது. அதற்குள் 9,000 ரூபாய் போயிருந்தது. அசல் அப்படியே நின்றது. அதே ஆறு மாதமும் மனைவியின் சேமிப்புக் கணக்கில் அதைவிடக் கூடுதலான தொகை சும்மா கிடந்தது.

இதற்கு யார் பொறுப்பு? கணவரின் மானம் என்று சொல்லித் தப்பிக்கலாம். நாம் அந்த அம்மையாரையும் சேர்த்தே சொல்வோம். அவர் நான்காண்டுகளாக ஆலோசனைக்காரர்கள் சொன்னதைச் செய்துவந்தார். ஊதிய உயர்வு வந்தால் சொல்லமாட்டார். அத்தை மாமாவிடம், 'அவர்தான் பார்த்துக்கிறார்' என்பார். மாலை ஆறு மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்தவுடன் முகம் கழுவாமல் அடுக்களையில் நுழைவார். கணவர் காய் நறுக்க வந்தால், 'நீங்க போய் உட்காருங்க' என்று விரட்டுவார். கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்திற்குக் கூடுதலாக உழைத்து அபராதம் கட்டினார்.

இது இந்த ஒரு வீட்டின் விசித்திரம் அன்று. 2015ல் பெர்ட்ரண்ட், கமெனிகா, பான் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கணவனைவிட அதிகம் ஈட்டும் மனைவியர் வீட்டு வேலையில் குறைந்த பங்கை எடுத்துக்கொள்ளாமல், மாறாக அதிகம் சுமப்பதைக் கண்டார்கள். 2018ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வாளர்கள் இருவர், கணக்கெடுப்பில் சொன்ன வருமானத்தை வரித்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மனைவி அதிகம் ஈட்டும் வீடுகளில் கணவனின் வருமானம் சற்றுக் கூட்டியும் மனைவியின் வருமானம் சற்றுக் குறைத்தும் சொல்லப்பட்டிருந்தது. கணக்கெடுக்க வந்த அந்நியரிடமே மறைக்கிறார்கள் என்றால் மாமியாரிடம் மறைப்பதில் வியப்பில்லை. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. இந்த இருநூறு நிமிட வேறுபாட்டின்மீது இன்னும் கொஞ்சத்தை ஏற்றிக் கணவனின் மானத்தை வாங்கலாம் என்று நினைப்பது வீண். அடுக்களையில் மனைவி களைத்து நிற்பதைப் பார்த்த கணவருக்கு மானம் திரும்பவில்லை. 'இந்த வீட்டில் எனக்கு அந்த வேலையும் இல்லை' என்றுதான் தோன்றியது. இதை அவரே நம்மிடம் சொன்னார்.

வட்டிக்காரர் வந்துபோன பிறகு அவர்கள் செய்ததை எழுதுவது பயனுடையது. மூன்று மாதம் ஒரு நோட்டில் எல்லாச் செலவையும் எழுதினார்கள். அதில் முதலில் வெளிப்பட்டது தொகை அன்று, பழக்கம். மனைவியின் சம்பளம் வீட்டுக் கடன் தவணைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் போனது. கணவரின் சம்பளம் பால், காய்கறி, மளிகைக்குப் போனது. கணவர் கொடுப்பது நாள்தோறும் கண்ணில் படும், தின்று தீர்ந்துபோகும். மனைவி கொடுப்பது கண்ணில் படாது, சொத்தாக நிற்கும். ஆனால் அந்தச் சொத்தின் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்தது. மானத்தை முன்னிட்டு அப்படிப் பதிந்திருந்தார்கள். இருவருமே இதனால் ஏமாந்திருந்தார்கள். கணவருக்குத் தாம் சேர்த்தது என்று காட்ட ஒன்றுமில்லை என்ற எண்ணம். மனைவிக்குத் தாம் கட்டும் வீட்டில் எழுத்தில் இடமில்லை.

முதலில் இருவரும் சம்பளத்தில் ஒரே விகிதம், எழுபது விழுக்காடு, பொதுக் கணக்கில் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் நியாயமாகத் தோன்றிய இந்த ஏற்பாடு இரண்டு மாதத்தில் முறிந்தது. பங்கு போக மனைவி கையில் 25,200 ரூபாய், கணவர் கையில் 6,300 ரூபாய். அதில்தான் அவர் தம் பெற்றோருக்கு 5,000 அனுப்ப வேண்டும். ஒரே விகிதம் என்பது ஒரே நிலை அன்று என்று கணித ஆசிரியைக்கே அப்போதுதான் உறைத்தது.

பிறகு வேறு வழிக்கு வந்தார்கள். இருவரின் வருமானம் முழுவதும், 1,05,000 ரூபாய், பொதுக் கணக்கில் சேரும். வீட்டுக் கடன் 27,000, வீட்டுச் செலவு 30,000, பள்ளி 8,000, இருபக்கப் பெற்றோருக்கும் ஐயாயிரம் வீதம் 10,000, ஆக 75,000. அதன்பின் ஆளுக்கு 7,000 சொந்தக் கைச்செலவு. அதற்குக் கணக்குக் கேட்பதில்லை, புத்தகம் வாங்கினாலும் சரி, ஓட்டல் பில் கொடுத்தாலும் சரி. மீதி 16,000. மனைவிக்கு ஓய்வூதியப் பிடித்தம் சம்பளத்திலேயே போய்விடுகிறது. கணவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. எனவே அதில் 6,000 கணவர் பெயரில் நீண்டகாலச் சேமிப்பு. 10,000 இருவர் பெயரிலும் அவசர நிதி. மே மாதப் பள்ளமும் மாமன் சீர் போன்ற முறைகளும் இந்த நிதியைச் சேர்ந்தவை. 'அவன் சீர்' என்பது 'எங்கள் வீட்டுச் சீர்' ஆயிற்று. பத்திரத்திலும் மனைவியின் பெயரைச் சேர்த்துப் பதிந்தார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண் தன் உழைப்பால் அடைந்த சொத்தை அவளுக்கே முழுஉரிமையாக்குகிறது. ஆனால் பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தால், தவணை கட்டியவர் நாமே என்று வங்கிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

வேலையையும் பிரித்தார்கள். கணவரின் கல்லூரி மூன்றரைக்கு முடிகிறது. பிள்ளைகளை அழைத்துவருவது, மாலைச் சிற்றுண்டி, இரவுச் சமையல் அவருடையது. காலைச் சமையல் மனைவியுடையது. இங்கே மிகக் கடினமான பகுதி கணவர் சமையல் கற்பதன்று, மனைவி அடுக்களையை விட்டுக்கொடுப்பது. குழம்பில் புளி கூடினாலும் வாய்திறக்காமல் உண்ண அவருக்கு ஓராண்டு ஆயிற்று.

'இது கணவனுக்கு மனைவி போடும் பிச்சை அல்லவா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாம் அவரிடம் திருப்பிக் கேட்டோம்: 'உங்கள் துணைவியார் வேலைக்குப் போகவில்லை. உங்கள் சம்பளத்தில்தான் உண்கிறார், உடுத்துகிறார். அது பிச்சையா?' 'அது எப்படி? அவள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாளே' என்றார். அந்த விடை ஆணுக்கும் பொருந்தும் என்பதைத் தவிர நாம் சொல்ல வேறொன்றும் இல்லை. பொருந்தாது என்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்வது உழைப்பே அன்று என்று தம் மனைவியிடம் சொல்லிவிட்டுப் பிறகு நம்மிடம் வாதிட வரட்டும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மேற்சொன்னது கணவன் புண்பட்டிருக்கும் வீட்டிற்குரிய வழி. கணவன் புண்படுத்தும் வீட்டிற்குரியதன்று. மனைவியின் ஏடிஎம் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, அவள் பெயரில் தனிநபர்க் கடன் வாங்கச் சொல்லி நெருக்குவது, நகையைக் கேளாமல் அடகு வைப்பது, வேலையை விடச் சொல்லி மிரட்டுவது ஆகியவற்றையும் நம் சமூகம் 'ஆம்பளை ரோஷம்' என்ற ஒரே சொல்லால் மன்னிக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே வகுத்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிவது அத்தனை கடினமன்று. புண்பட்டவன் மனைவியின் பணத்தைத் தொடக் கூசுகிறான். மற்றவன் அதை மனைவியே தொடக்கூடாது என்கிறான். முதலாமவனோடு நோட்டுப் போட்டு உட்காரலாம். இரண்டாமவனோடு உட்காரும் முன், சம்பளக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். உடன் நிற்க ஒருவரையும் தேடிக்கொள்ள வேண்டும்.

1929ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. சுயமரியாதை என்ற சொல்லுக்கு அன்று அதுவும் பொருளாக இருந்தது. நூறாண்டை நெருங்கும் வேளையில் அதே சொல்லின் உடன்பிறப்பாகிய தன்மானத்தை, பெண்ணின் சம்பளச் சீட்டை மடித்து ஒளிப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம்.

அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நமக்கு விருப்பமில்லை, ஆகவில்லை. மே மாதம் வந்தால் அவர் இன்னமும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். ஆனால் சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒன்று நடந்தது. அவர் தம் கல்லூரியின் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் பதினான்கு பேரைத் தம் வீட்டுக் கூடத்தில் கூட்டி, பன்னிரண்டு மாதச் சம்பளம் கேட்டு நிர்வாகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். முதற்கையெழுத்து அவருடையது. வேலை போனால் என்ன செய்வது என்று மற்றவர்கள் தயங்கியபோது, 'என் வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது, நான் முதலில் போடுகிறேன்' என்றாராம். தேநீர் கொண்டுவந்த மனைவி அதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். விண்ணப்பத்திற்கு இன்றுவரை விடை இல்லை. ஆனால் பத்தாண்டுகளாக முகவரி தவறி அந்த வீட்டிற்குள் சுற்றிக்கொண்டிருந்த கோபம், முதன்முறையாக உரிய வாசலைப் போய்த் தட்டியிருக்கிறது.